பிளவுஸில் மூன்றாவது ஹூக் மட்டும் ஏன் பிய்கிறது? எந்த இடத்துக்கு ஹூக், எங்கே டிச் பட்டன், எங்கே காஜா?

பிளவுஸில் ஆறு ஹூக் இருந்தால் ஆறும் ஒரே நேரத்தில் பழுதாவதில்லை. பெரும்பாலும் மார்பின் உயரத்தில் இருக்கும் மூன்றாவதோ நான்காவதோதான் முதலில் வளையும், அல்லது நூலோடு கையில் வரும். கழுத்துப் பக்கம் இருக்கும் முதல் ஹூக்கின் பிரச்சினை வேறு. அது பிய்யாது, தானாகக் கழன்றுகொள்ளும். அந்த இடத்தில் ஊக்கு குத்திக்கொள்ளாத வீடு குறைவு.

இரண்டுக்கும் "ஹூக் சரியில்லை" என்று ஒரே காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் ஒன்று அளவுக்கு மீறி இழுபடுவதால் கெடுகிறது; மற்றொன்று போதுமான இழுப்பே இல்லாததால் கழல்கிறது. ஹூக், டிச் பட்டன், காஜா வைத்த பட்டன் ஆகியவற்றில் எதை எங்கே வைப்பது என்பதற்கான விடை இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இழுப்பு இரண்டு வகை

திறப்பின் இரண்டு ஓரங்களும் பக்கவாட்டில் விலகப் பார்ப்பது ஒரு வகை. இறுக்கமான பிளவுஸின் முன்பக்கமும் பேன்ட்டின் இடுப்பும் இப்படித்தான் இழுபடுகின்றன. மேல் துணி கீழ்த் துணியைவிட்டு, ஸ்டிக்கரை உரிப்பது போல, மேலெழும்புவது இன்னொரு வகை. குனியும்போது கழுத்தோரம் தூக்கிக்கொள்வது இந்த ரகம்.

ஹூக் முதல் வகைக்காகச் செய்யப்பட்டது. இழுப்பு கூடக் கூட அது வளையத்தில் இன்னும் நன்றாக மாட்டிக்கொள்ளும். ஆனால் இழுப்பு நின்றுவிட்டால் அதைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. உடம்பு அசையும்போது ஓரங்கள் நெருங்கி வந்தாலே வளையத்திலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும். கழுத்து ஹூக் கழல்வதற்குக் காரணம் இதுதான்.

பிரஸ் பட்டன் என்றும் டிச் பட்டன் என்றும் சொல்லப்படுவது இதற்கு நேர் எதிர். துணி தளர்வாக இருந்தாலும் அது கழலாது. பக்கவாட்டு இழுப்பைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் ஓரத்தைப் பிடித்து உரித்தால் உடனே திறந்துவிடும். குழந்தைகளின் உடையில் கால்களுக்கு நடுவே வரிசையாக டிச் பட்டன் வைப்பது இதற்காகத்தான். டயபர் மாற்ற ஒரே இழுப்பில் எல்லாம் திறக்கும். ஆனால் இறுக்கமான பிளவுஸில் மார்புக்கு நேராக அதை வைத்தால், துணி புடைத்து ஓரம் மேலெழும்பும்போது பக்கவாட்டு இழுப்பே உரிக்கும் இழுப்பாக மாறிவிடும். பிறகு ஒரு தும்மல் போதும்.

ஆறு ஹூக்கும் சம தூரத்தில் வேண்டாம்

திறப்பை ஆறாகப் பிரித்து சம இடைவெளியில் ஹூக் வைப்பது பல கடைகளில் வழக்கம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மார்பின் மிக உயர்ந்த இடம் இரண்டு ஹூக்குகளுக்கு நடுவில் விழுந்துவிட்டால் அங்கே துணி வாய் பிளக்கும். அதைத் தடுக்க மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருக்கும் ஹூக்குகள் இரட்டிப்பாக உழைக்கும். அவற்றில் ஒன்றுதான் நாம் சொல்லும் "மூன்றாவது ஹூக்".

ஒரு கணக்கு பார்ப்போம். தோளிலிருந்து பிளவுஸின் முன் உயரம் 14 அங்குலம், கழுத்து இறக்கம் 7 அங்குலம் என்றால் ஹூக் பட்டியின் நீளம் 7 அங்குலம். தோளிலிருந்து மார்பு உயரம் 10 அங்குலம் என்றால், கழுத்து விளிம்பிலிருந்து 3 அங்குலம் கீழே மார்பு வருகிறது. முதலில் அந்த இடத்தில் ஒரு ஹூக்கைக் குறித்துவிட வேண்டும். அடுத்து கழுத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி ஒன்று, அடிப்பட்டியின் விளிம்புக்குக் கால் அங்குலம் மேலே ஒன்று. மேல் பாதியில் மிச்சமிருக்கும் இரண்டே முக்கால் அங்குலத்துக்கு நடுவே ஒன்று போதும். கீழ்ப் பாதியில் மூன்றே முக்கால் அங்குலம் இருக்கிறது. அங்கே ஒன்றேகால் அங்குலத்துக்கு ஒன்றாக இரண்டு வைக்கலாம். கூட்டிப் பார்த்தால் அதே ஆறு ஹூக்தான். செலவு கூடவில்லை, இடம் மட்டும் மாறியிருக்கிறது. மூச்சை இழுக்கும்போது விலா விரிவதால் மார்புக்குக் கீழேயும் இழுப்பு அதிகம். அங்கே நெருக்கமாக வருவதும் நல்லதே.

தைக்கக் கொடுக்கும்போது, "மார்புக்கு நேரா ஒரு ஹூக் வந்துடணும், மத்ததை அதுக்கு ஏத்த மாதிரி பிரிச்சுக்கோங்க அண்ணா" என்று சொன்னாலே போதும். டெய்லருக்குப் புரிந்துவிடும்.

பிய்ந்த ஹூக் என்ன சொல்கிறது?

ஹூக் பிய்ந்தால் உடனே தூக்கி எறியாமல் ஒரு நிமிஷம் பாருங்கள். கம்பி நிமிர்ந்து வாய் திறந்திருந்தால், ஒன்று கம்பி மெலிசு, இல்லை பிளவுஸ் சின்னதாகிவிட்டது. எதிர்ப் பக்கத்து நூல் வளையம் அறுந்திருந்தால், நூல் இத்துப்போயிருக்கும் அல்லது ஹூக்கின் முனையில் பிசிறு இருக்கும். விரலால் தடவினால் பிசிறு தெரியும். அதே ஹூக்குக்குப் புது வளையம் போட்டாலும் மறுபடி அறுக்கும், ஹூக்கைத்தான் மாற்ற வேண்டும்.

துணியோடு கிழிந்து ஓட்டை விழுந்திருந்தால்தான் கவலை. பட்டிக்குள் உள்துணி இல்லை, அல்லது ஹூக்கை ஒற்றை அடுக்குத் துணியில் தைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பட்டு, நெட், ஜார்ஜெட் பிளவுஸ்களில் இது அதிகம். நூல் அறுந்தால் பத்து நிமிஷ வேலை; பட்டு கிழிந்தால் பட்டியையே மாற்ற வேண்டும். ஹூக்கைத் தைக்கும் நூல் துணியைவிட வலுவாக இருக்கக் கூடாது என்று சொல்வதன் நியாயம் இதுதான். வலுவாக இருக்கட்டுமே என்று மெல்லிய பட்டில் நைலான் நரம்பு போட்டுத் தைப்பது நல்ல யோசனை அல்ல.

ஹூக் சாய்ந்து தலை தூக்கி நிற்கிறதா? அடியிலிருக்கும் இரண்டு வளையங்களை மட்டும் தைத்து, தலைப்பக்கத்தைத் தைக்காமல் விட்டிருப்பார்கள். வளைவுக்கு அடியில் குறுக்காக இரண்டு மூன்று தையல் போட்டால் ஹூக் படுத்துக்கொள்ளும். அவசரத்தில் பல இடங்களில் விட்டுப்போகும் தையல் இது. ஹூக்கின் முனையும் விளிம்போடு ஒட்டி இருக்கக் கூடாது. இழுபடும்போது அது கொஞ்சம் முன்னே வரும் என்பதால், இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் தைப்பதுதான் சரி.

சட்டையின் காஜாவைப் பாருங்கள்

முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்துப் பாருங்கள். நெஞ்சுப் பட்டியில் காஜா எல்லாம் நெடுக்காக இருக்கும். கழுத்துப் பட்டியிலும் மணிக்கட்டிலும் மட்டும் படுக்கையாக இருக்கும். கழுத்தையும் மணிக்கட்டையும் துணி சுற்றிப் பிடிப்பதால் அங்கே எப்போதும் பக்கவாட்டு இழுப்பு உண்டு. படுக்கைக் காஜாவில் பட்டன் இழுபட்டு ஒரு முனைக்குப் போய் நின்றுவிடும். நெடுக்குக் காஜாவாக இருந்தால் அதே இழுப்பு ஓட்டையின் வாயைத் திறக்கும், பட்டன் நழுவி வெளியே வரும். நெஞ்சுப் பகுதி தளர்வு என்பதால் நெடுக்கு போதும். தொப்பை விழுந்த பிறகு அந்த இடத்துப் பட்டன் மட்டும் அடிக்கடி அவிழ்வதற்கும் இதுவே காரணம்.

பேன்ட் இடுப்பில் உட்காரும்போதெல்லாம் இழுப்பு ஏறும். அதனால்தான் கம்பி ஹூக்குக்குப் பதிலாகத் தட்டையான, அகலமான பேன்ட் ஹூக். உள்பக்கம் ஒரு பட்டனும் இருந்தால் சுமையை இரண்டும் பகிர்ந்துகொள்ளும். அந்த உள் பட்டனைப் போடாமல் விடுகிறவர்களின் பேன்ட் ஹூக் சீக்கிரம் வளையும்.

டாகிளும் பொட்லி பட்டனும்

குளிர்நாட்டு டஃபல் கோட்டில் மரக்குச்சி போன்ற டாகிளைக் கயிற்று வளையத்தில் நுழைத்து மாட்டுவார்கள். தடித்த கம்பளியில் சின்னக் காஜா சரிப்படாது, கையுறை போட்ட விரலுக்குச் சின்னப் பட்டனும் அகப்படாது. கோட் தளர்வாகத் தொங்குவதால் வளையம் கொஞ்சம் ஆடினாலும் பரவாயில்லை.

பிளவுஸின் முதுகில் வைக்கும் பொட்லி பட்டனும் குமிழும் வளையமும் சேர்ந்த இதே ஏற்பாடுதான். ஆனால் இறுக்கமான முதுகில் துணி வளையம் நீண்டு, ஒவ்வொரு பட்டனுக்கும் நடுவே இடைவெளி தெரியும். அதனால் தெரிந்த டெய்லர்கள் அடியில் ஹூக் வரிசையோ ஜிப்போ வைத்து, பொட்லியை அலங்காரத்துக்கு மட்டும் மேலே தைத்துவிடுவார்கள். டிசைனைக் காட்டித் தைக்கச் சொல்லும்போது இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

விரல் மடங்காத அம்மாவுக்கு

வயதானவர்களுக்கு மூட்டுவலி வந்ததும் ஹூக் போடுவது பெரிய பாடு. "எல்லாத்தையும் டிச் பட்டனா மாத்திடுங்க" என்று கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஒரு வாரத்தில் மார்பின் நடுவே பட்டன் திறந்துகொள்கிறது. அம்மா மறுபடி ஊக்குக்குப் போய்விடுகிறார். ஊக்கைக் கையாள்வது ஹூக்கைவிடக் கஷ்டம், குத்தும் அபாயமும் உண்டு.

இங்கே பட்டனை மாற்றுவதற்கு முன்பு இழுப்பைக் குறைக்க வேண்டும். பெரும்பாலான பிளவுஸ்களில் இரண்டு பக்கத் தையலிலும் பிரித்துவிடுவதற்கென்று துணி விட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரு தையல் பிரித்தால் சுற்றளவில் ஓர் அங்குலமாவது கிடைக்கும். அதற்குப் பிறகு கொஞ்சம் பெரிய டிச் பட்டன்களை வைக்கலாம். மேல் துணி கீழ்த் துணியின் மேல் குறைந்தது முக்கால் அங்குலம் ஏறி நிற்க வேண்டும். போதாவிட்டால் கீழ்ப் பட்டியில் துணி கூட்டித் தைக்கச் சொல்லுங்கள். ஓரத்துக்கு ஒட்டினாற்போல் பட்டனை வைத்தால் ஓரம் தூக்கும்போது எளிதாக உரியும்.

தைத்து வந்ததும் அம்மாவைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழட்டும், இரண்டு கைகளையும் மேலே தூக்கட்டும், மூச்சை நன்றாக இழுத்து விடட்டும். எந்தப் பட்டனும் திறக்கவில்லை என்றால் வேலை முடிந்தது. ஏதாவது ஒன்று திறந்தால் அந்த ஓர் இடத்தில் மட்டும் பேன்ட்டுக்கு வைப்பது போன்ற அகல ஹூக் வைக்கலாம். கம்பி ஹூக்கைவிட அது கைக்கு நன்றாக அகப்படும். மார்பின் உயரத்தில் திறந்தால் இன்னொரு தையல் பிரிக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.