M127-க்கு ஒன்று, M128-க்கு வேறொன்று

எச்.பி. லேசர்ஜெட் ப்ரோ M127fn அமெரிக்காவில் விற்ற பிரிண்டர். அதே சாயலில் இந்தியாவுக்கு வந்தது M128fn. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்தான், ஆனால் முதலாவதற்கு 83A டோனர், இரண்டாவதற்கு 88A. “இதே பிரிண்டர்தான் அங்கேயும் இருக்கு, வரும்போது ஒரு டோனர் வாங்கிட்டு வா” என்று வெளிநாட்டு உறவினரிடம் சொல்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த ஓர் இலக்கத்தில்தான்.

இங்க் பிரிண்டர்களிலும் இதே கதை. அமெரிக்காவில் 67, ஐரோப்பாவில் 305, இந்தியாவில் 805 என்று ஊருக்கொரு எண். கார்ட்ரிட்ஜ் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தாலும், அதிலுள்ள சிப்பைப் படித்துவிட்டு பிரிண்டர் ஏற்க மறுக்கலாம்.

அட்டைப்பெட்டியில் பெரிதாக இருக்கும் 83A கூப்பிடு பெயர். CF283A என்று சின்னதாக அச்சிட்டிருப்பதே முழு எண். கடையில் சொல்ல வேண்டியது அதைத்தான். கடைசி எழுத்து A என்றால் சாதாரண அளவு, X என்றால் கூடுதல் அளவு. 83A சுமார் 1,500 பக்கம் ஓடும், CF283X சுமார் 2,200. ‘பெரியதையே வாங்கிவிடுவோம்’ என்று தோன்றும். ஆனால் M201, M225 மட்டுமே இரண்டையும் ஏற்கும். M125, M127 இரண்டுக்கும் A மட்டும்தான். எந்தெந்த பிரிண்டருக்கு என்ற பட்டியல் பெட்டியிலேயே இருக்கும். அதில் உங்கள் மாடல் எண் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டும் பொருந்துகிற பிரிண்டர் என்றால் விலையைப் பக்க எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கலாம். ஒரு கணக்குக்கு 83A 4,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 3 ரூபாய். 83X 6,600 ரூபாய் என்றாலும் அதே 3 ரூபாய்தான். அதற்குக் கீழே கிடைத்தால்தான் X லாபம். இந்தப் பக்கக் கணக்கு, தாளில் 5 சதவீதம் அளவுக்கு மை படியும் சாதாரண எழுத்துப் பக்கத்தை ஒட்டியது. படமும் கறுப்புப் பட்டையும் நிறைந்த தாள்களில் இரண்டுமே சீக்கிரம் தீரும். டோனர் தூள் என்பதால் மெதுவாகத் தீர்ந்தாலும் கெடுதல் இல்லை. இங்க் அப்படியல்ல. மாதத்துக்கு நாலு தாள் எடுக்கிற வீட்டில் XL வாங்கினால், மை தீருமுன் முனை காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

பழைய கார்ட்ரிட்ஜைக் கழற்றி லேபிளைப் படிப்பது நல்ல பழக்கம், அது கம்பெனியிலிருந்து வந்ததாக இருந்தால். ரீஃபில் கடையில் மாற்றிக் கொடுத்ததென்றால் ஓடு ஒன்று, லேபிள் ஒன்றாக இருக்கலாம். பிரிண்டரின் மாடல் எண்ணையே நம்புங்கள். வேறு கம்பெனிகளின் டோனர் பெட்டியில் 35A, 36A, 85A என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். அவர்கள் ஓட்டையும் சிப்பையும் பலவற்றுக்கும் பொருந்தும்படி செய்கிறார்கள். அதை வைத்து ஒரிஜினல் 35A-யை 85A இடத்தில் செருகிப் பார்க்க வேண்டாம்.