பைட்டிலிருந்து பிறக்கும் ஸ்கிரிப்ட்

அறுவடை நேரத்து மழையில் டெல்டாவின் நெல் மூட்டைகள் நனைந்தன என்று டிவியில் ஒன்றரை நிமிடச் செய்தித் தொகுப்பு ஓடுகிறது. செய்தி அறையில் இதற்குப் பெயர் பேக்கேஜ். முதலில் தொகுப்பாளர் பேசுவார், பிறகு நிருபரின் குரல், நடுநடுவே பேட்டி. எழுதும்போது இந்த வரிசை அப்படியே தலைகீழாகிவிடும்.

நிருபர் முதலில் தேடுவது பேட்டியில் பயன்படும் துண்டை, அதாவது பைட்டை. விவசாயி ஒருவர் நான்கு நிமிடம் பேசியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை மூட்டை, எந்த ஊர் என்பதை நிருபரே சொல்லிவிடலாம். “பத்து நாளா மூட்டைக்குக் காவல் கெடக்கோம். இப்ப ஈரம்னு திருப்பி அனுப்புறாங்க” என்பதை அவர் வாயால் கேட்டால்தான் எடுபடும். அந்தப் 12 நொடிதான் பைட்.

அடுத்து, அதற்கு முன்னால் வரும் வாய்ஸ் ஓவர். ‘பத்து நாட்களாகக் காவல் கிடப்பதாக விவசாயி கூறுகிறார்’ என்று எழுதினால் ஒரே சேதி இரண்டு முறை வரும். அதற்குப் பதிலாக, ‘தளர்வு அறிவிக்காதவரை, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லைக் கொள்முதல் நிலையம் வாங்காது’ என்று எழுதலாம். விவசாயியின் கோபத்துக்குக் காரணம் புரிந்துவிடும். 20 நொடிக்குச் சுமார் 40 சொல் போதும். ‘1,25,000’ தாளில் ஒரே எண். வாயில் மூன்று சொல். அதனால் உரக்கப் படித்து நேரம் பார்ப்பதே சரியான கணக்கு.

பைட்டின் நடுவே வேண்டாததை வெட்டி இரண்டு வாக்கியங்களை ஒட்டினால், ஒட்டிய இடத்தில் விவசாயியின் தலை சட்டென்று துள்ளும். அதை மறைக்கத்தான் கட் அவே. ஸ்கிரிப்ட்டில் இப்படி எழுதலாம்:

0–5 நொடி: விவசாயியின் முகம், பெயர்ப் பட்டை
5–8 நொடி: ஈரப்பதமானியில் நெல் போடும் கை, பேச்சு தொடர்கிறது
8–12 நொடி: மீண்டும் முகம்

வெட்டு ஆறாவது நொடியில் விழுகிறது. அதற்கு முன்பே படம் மாறிவிடுவதால் துள்ளல் தெரியாது. முதல் ஐந்து நொடி முகத்தை விட்டுவைப்பது, பேசுபவர் யார் என்று பார்ப்பவர் படித்துக்கொள்ள. ஆனால் வெட்டிய பகுதியில், “நேத்தே அதிகாரி வந்து எடுத்துக்கிறோம்னு சொன்னாரு” என்று இருந்திருந்தால்? அதே அழகான கை, பேச்சின் பொருள் மாறியதையும் மறைத்துவிடும். அதனால் எடிட் முடிந்ததும் முழுப் பேட்டியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தொகுப்பாளரின் முன்னுரையைக் கடைசியில் எழுதுவார்கள். 15 நொடி; வாய்ஸ் ஓவரின் முதல் வரி அதில் வரக் கூடாது. மாறக்கூடிய விவரம் எல்லாம் இங்கேதான் இருக்க வேண்டும். மாலை ஆறு மணிச் செய்திக்குப் பிறகு அரசு ஈரப்பத வரம்பைத் தளர்த்தினால், அதை எட்டு மணிக்குத் தொகுப்பாளர் படிக்கும் திரையில் ஒரு வரி திருத்திச் சேர்த்துவிடலாம். ஆனால் பேக்கேஜுக்குள் ‘இதுவரை தளர்வு இல்லை’ என்று நிருபரின் குரல் பதிவாகியிருந்தால், மீண்டும் குரல் பதிந்து மீண்டும் எடிட் செய்தாக வேண்டும்.