மூன்று மாட்டுக்கு ஒரு இருப்புத் தாள்

சிறு பால் பண்ணையின் இருப்புத் தாளில் 'கையிருப்பு எவ்வளவு' என்பதோடு 'எந்த நாள் வரை' என்ற கட்டமும் வேண்டும்.

மூன்று கறவை மாடுகள், ஒவ்வொன்றும் தினம் 10 லிட்டர் கறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உடல் பராமரிப்புக்கு 1.5 கிலோ, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் மாட்டுக்கு 5.5 கிலோ அடர்தீவனம். மூன்றுக்கும் நாளுக்கு 16.5 கிலோ. ஜூன் 1 காலை 50 கிலோ மூட்டை எட்டு இருந்தால், ஜூன் 24 வரை வரும். ஒரு வாரம் முன்பே, ஜூன் 17 அன்று, 'தீவனம் சொல்ல வேண்டும்' என்று எழுதிவிடலாம்.

மூட்டை முன்பே தீர்ந்தால் எலி, ஈரம், அளவுப் படி மூன்றையும் பாருங்கள். மிஞ்சினால் எந்த மாடு தீனி குறைத்தது என்று பாருங்கள். நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் அதுதான்.

மருந்துக்குக் காலாவதி நாளுடன் இன்னொரு தேதியும் தேவை. மடிநோய்க்கு ஆன்டிபயாட்டிக் போட்டால், மருத்துவர் சொல்லும் நாள் வரை அந்த மாட்டின் பாலை விற்கக் கூடாது. அந்தத் தேதியை மாட்டின் பெயரோடு எழுதுங்கள்.

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. அதை வீட்டில் வாங்கி வைப்பதைவிட, தேதியை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. கோமாரி ஊசி மார்ச் 10 போட்டிருந்தால், அடுத்தது செப்டம்பர் 10.