தேர் முந்தியது, சவாரி பிந்தியது

கசகஸ்தானின் வடக்கில், புல்வெளிக்கு நடுவே போட்டாய் என்றொரு பழைய குடியிருப்பு இருந்தது. சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் தின்று எறிந்த எலும்புகளில் மிகப் பெரும்பகுதி குதிரை எலும்புகள்தான். அவர்களுடைய பானை ஓடுகளில் ஊறிப்போயிருந்த கொழுப்பைச் சோதித்தபோது குதிரைப் பாலின் தடயம் கிடைத்தது. காட்டில் திரியும் பெண்குதிரை பால் கறக்க நின்று கொடுக்காது. ஆகவே சில குதிரைகளையாவது அவர்கள் பழக்கியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவு கட்டினார்கள்.

குதிரையை வளர்க்க அந்த ஊரில் நல்ல காரணமும் இருந்தது. பனி மூடிய தரையைக் குளம்பால் கிளறி, அடியில் கிடக்கும் புல்லைக் குதிரை தானே தேடித் தின்னும். மாட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. கடுங்குளிரில் தீவனம் சேர்த்து வைக்காமலே இறைச்சியும் பாலும் தரும் பிராணி அது.

ஆனால் இன்று நாம் பார்க்கும் குதிரைகள் போட்டாய் குதிரைகளின் வாரிசுகள் அல்ல. 2018இல் வெளியான மரபணு ஆய்வு அதைக் காட்டியது. 2021இல் வந்த இன்னொரு ஆய்வு, இன்றைய குதிரைகளின் தாயகம் ரஷ்யாவின் வோல்கா, டான் ஆறுகளை ஒட்டிய புல்வெளி என்றது. அங்கிருந்து கிளம்பிய ஒரே இனம் கி.மு. 2200 வாக்கில் பரவத் தொடங்கி, சில நூற்றாண்டுகளில் மற்ற இனங்களை ஓரங்கட்டிவிட்டது. அந்த இனத்தில் இரண்டு மரபணுக்கள் தனித்துத் தெரிந்தன. ஒன்று முதுகின் வலுவோடும், மற்றது சாதுவான சுபாவத்தோடும் தொடர்புடையதாகக் கருதப்படுகிறது.

முதுகு வலுத்ததும் மனிதன் ஏறி உட்கார்ந்து போருக்குப் புறப்பட்டிருப்பான் என்றுதான் தோன்றும். நடந்தது வேறு. மந்தை மேய்க்கச் சிலர் ஏறியிருக்கலாம். போர்க்களத்தை முதலில் பிடித்தது தேர்.

யூரல் மலைகளுக்குக் கிழக்கே சிந்தாஷ்டா பண்பாட்டுக் கல்லறைகளில், கி.மு. 2000 வாக்கில், இறந்தவரோடு வண்டியையும் குதிரைகளையும் புதைத்தார்கள். மரம் மக்கிப்போயிற்று. ஆனால் சக்கரங்கள் அசையாமல் நிற்கக் குழியின் தரையில் பள்ளம் வெட்டி அவற்றை இறக்கியிருந்ததால், ஆரக்கால்களின் தடம் மண்ணில் பதிந்து நின்றது. பலகைகளைச் சேர்த்துச் செய்த பழைய சக்கரம் கனமானது, மாட்டு வேகத்துக்கே சரி. ஆரக்கால் வந்த பிறகுதான் குதிரையின் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கும் வண்டி சாத்தியமானது.

இது மேற்காசிய அரசவைகளை எட்டியபோது தேர்தான் கௌரவம், சவாரி அல்ல. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் மாரி நகரத்து அரசன் சிம்ரி-லிமுக்கு அவனுடைய அதிகாரி ஒருவர், குதிரைமேல் ஏற வேண்டாம், அரசருக்கு அது அழகல்ல என்று கடிதம் எழுதியிருக்கிறார். சேணம் இல்லாத முதுகில் வியர்வையோடு குலுங்கிப் போவதை நினைத்தால் அவர் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை.

கௌரவம் மட்டும் காரணமல்ல. வில்லுக்கு இரண்டு கையும் வேண்டும். கடிவாளத்தை யார் பிடிப்பது? தேரில் ஒருவன் ஓட்ட, இன்னொருவன் எய்தான். கி.மு. 1274 வாக்கில் காதேஷில் எகிப்தின் இரண்டாம் ராம்செஸும் ஹிட்டைட் அரசன் முவத்தல்லியும் மோதியபோது, எகிப்தியத் தேரில் இரண்டு பேர், ஹிட்டைட் தேரில் பெரும்பாலும் மூன்று பேர். ஆனால் இதற்குச் சமதரை வேண்டும். கல்லும் பள்ளமுமான இடத்தில் அச்சு முறியும். இரண்டு குதிரைகளில் ஒன்று விழுந்தால் மற்றதும் நின்றுவிடும்.

மாற்றம் எப்படி வந்தது என்பதை அசீரியச் சிற்பங்களிலேயே பார்க்கலாம். கி.மு. 9ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களில் குதிரை வீரர்கள் ஜோடி ஜோடியாகப் போகிறார்கள். ஒருவன் அம்பு எய்ய, பக்கத்தில் வருபவன் தன் குதிரையின் கடிவாளத்தோடு அவனுடையதையும் சேர்த்துப் பிடித்திருக்கிறான். தேரைக் கழற்றிப் போட்டுவிட்டு, தேரோட்டியும் வில்லாளியும் ஆளுக்கொரு குதிரையில் ஏறிக்கொண்ட கதைதான். இரண்டு நூற்றாண்டு கழித்து, அஷுர்பனிபால் காலச் சிற்பங்களில் வீரன் தனியாகவே ஓட்டிக்கொண்டு எய்கிறான். அப்போதும் அங்கவடி கிடையாது. தொடையின் பிடியும் பழக்கமும்தான் துணை.

இப்படி ஒரு வில்லுக்கு ஒரு ஆளும் ஒரு குதிரையும் போதும் என்றானதும் தேரின் கணக்கு உதைத்தது. கி.மு. 331இல் கௌகமேலாவில் மூன்றாம் டேரியஸ் அரிவாள் பூட்டிய தேர்களை ஏவினான். தேர்கள் ஓடுவதற்காகத் தரையைச் சமப்படுத்தியும் வைத்திருந்தான். அலெக்சாண்டரின் வீரர்கள் ஈட்டி எறிந்து பலவற்றை மடக்கினார்கள். மீந்து வந்தவற்றுக்கு வரிசையைப் பிளந்து வழிவிட்டார்கள்.

அதே பாரசீகப் பேரரசு சவாரியை வேறொரு வேலைக்குக் கச்சிதமாகப் பயன்படுத்தியது. சார்டிஸிலிருந்து சூசா வரை சுமார் 2,500 கிலோமீட்டர் அரச பாதை. நடந்து போக 90 நாள் என்றும், வழியில் 111 தங்குமிடங்கள் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அரசனின் ஓலைக்கு அந்த 90 நாள் ஆகவில்லை. ஒவ்வொரு நாள் பயணத் தொலைவுக்கும் ஒரு புதுக் குதிரையும் புது ஆளும் காத்திருந்தார்கள். களைத்தவன் கொடுக்க, அடுத்தவன் வாங்கிக்கொண்டு கிளம்பினான்.