வைக்கோலும் ஒரு வாளிப் பொங்கலும்

மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் கால்நடை மருத்துவர்களுக்குப் பழக்கமான ஃபோன் ஒன்று வரும். மாடு தீவனம் எடுக்கவில்லை, அசை போடவில்லை, தண்ணீராகக் கழிகிறது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் பதிலில் கொஞ்சம் கூச்சம் இருக்கும். பொங்கல்தான், வீட்டில் ஆளாளுக்கு ஆசையாக ஊட்டினார்கள், பக்கத்து வீட்டிலிருந்தும் ஒரு வாளி வந்தது. நம் குழந்தைகளுக்கு ஒன்றும் செய்யாத சோறு, முந்நூறு நானூறு கிலோ எடையுள்ள மாட்டைப் படுக்கவைத்துவிடுகிறது. அதே மாடு வருஷம் முழுக்க வைக்கோலைத் தின்று பால் கறக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், வைக்கோலில் உள்ள செல்லுலோஸும் சோற்றில் உள்ள மாவுச்சத்தும் ஒரே சரக்கு. இரண்டுமே குளுக்கோஸை வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலிகள். கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவில் உள்ள பிணைப்புதான் வேறு. மாவுச்சத்தின் பிணைப்பை நம் எச்சிலே அறுக்கத் தொடங்கிவிடும். செல்லுலோஸின் பிணைப்பை அறுக்கும் நொதி நம் உடம்பில் இல்லை. மாட்டின் உடம்பிலும் இல்லை! புல் தின்றே வாழும் பிராணிக்குப் புல்லை உடைக்கும் நொதியை உண்டாக்கத் தெரியாது.

அந்த வேலையை மாடு வெளியாட்களிடம் விட்டிருக்கிறது. இடப்பக்கத்து வயிற்றை அடைத்துக்கொண்டு கிடக்கும் முதல் வயிற்றுக்கு ரூமன் என்று பெயர். வளர்ந்த மாட்டுக்கு அது நூறு லிட்டரையும் தாண்டிக் கொள்ளும். உள்ளே 39 டிகிரி வெதுவெதுப்பு, ஓயாத கலக்கல், ஆக்சிஜன் கிட்டத்தட்டக் கிடையாது. அந்தச் சாற்றில் ஒரு மில்லி எடுத்தால் ஆயிரம் கோடி பாக்டீரியாக்களாவது இருக்கும். அவற்றோடு ஒற்றைச் செல் உயிரிகளும் பூஞ்சைகளும் உண்டு. பூஞ்சைகள் அங்கே இருப்பதே வெகு காலம் தெரியாமல் இருந்தது. நீந்தித் திரியும் அவற்றின் வித்துகளை வேறேதோ ஒற்றைச் செல் உயிரி என்று நினைத்திருந்தார்கள். அவை பூஞ்சை என்று 1975-இல் காட்டியவர் காலின் ஆர்பின் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி.

வைக்கோலின் மேல்தோல் மெழுகும் சிலிக்காவும் கலந்து வழவழப்பாக இருக்கும். பாக்டீரியா எளிதில் அதில் ஒட்டாது. உடைந்த முனைகளிலும் நசுங்கிய இடங்களிலும்தான் அவை புகுந்து ஒட்டிக்கொள்கின்றன. மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடுவது இந்த உடைந்த முனைகளை உண்டாக்கத்தான். பூஞ்சைகள் வேர் விட்டு உள்ளே நுழைந்து தண்டைப் பிளக்கின்றன. அதன் பிறகு ரூமினோகாக்கஸ், ஃபைப்ரோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் சங்கிலியைத் துண்டு துண்டாக அறுக்கின்றன. இது அவசரமில்லாத வேலை. ஒரு வாய் வைக்கோல் ரூமனில் ஒன்றிரண்டு நாள் கிடக்கும். அப்படியும் லிக்னின் என்ற மரச்சத்து இறுகிப் போர்த்திய பகுதி அப்படியே சாணியில் வந்துவிடும்.

இப்படி அறுத்தெடுத்த குளுக்கோஸை நுண்ணுயிரிகள் மாட்டுக்குக் கொடுப்பதில்லை, தாங்களே தின்றுவிடுகின்றன. ஆனால் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சர்க்கரையை முழுதாக எரிக்க முடியாது. பாதியிலேயே நிறுத்தி, மிச்சத்தைக் கழிவாக வெளியே தள்ள வேண்டியதுதான். அந்தக் கழிவுதான் அசிட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக் என்ற மூன்று சிறிய கொழுப்பு அமிலங்கள். இவை ரூமனின் சுவர் வழியே நேராக ரத்தத்தில் கலக்கின்றன. 1940-களில் கேம்பிரிட்ஜில் பார்கிராஃப்ட் குழுவினர், ரூமனிலிருந்து வெளியேறும் ரத்தத்தைச் சோதித்து இதை உறுதிப்படுத்தினார்கள். மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்தக் கழிவிலிருந்து வருகிறது. கூடவே உண்டாகும் ஹைட்ரஜனை வேறொரு கூட்டம் மீத்தேனாக்கிவிடும்; அது ஏப்பத்தில் போகும் நஷ்டக் கணக்கு.

வைக்கோலும் புல்லும் தின்னும் மாட்டில் இந்த அமிலங்களைப் பத்துப் பங்காகப் பிரித்தால், ஆறேழு பங்கு அசிட்டிக், இரண்டு பங்கு புரோபியோனிக், ஒரு பங்கு பியூட்டிரிக் என்று இருக்கும். வினிகரில் உள்ள அதே அசிட்டிக் அமிலத்தை வைத்துத்தான் மடி, பால் கொழுப்பில் ஒரு பெரும்பகுதியைச் செய்கிறது. தவிடும் மாவும் ஏற்றி நார்த்தீவனத்தைக் குறைத்தவர்கள், பால் கூடியும் சொசைட்டியில் கொழுப்பு குறைந்துவிட்டது என்று புலம்புவதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். புரோபியோனிக் அமிலம் கல்லீரலுக்குப் போய்த் திரும்பவும் குளுக்கோஸாகிறது. பாலின் இனிப்பான லாக்டோஸ் அதிலிருந்து பிறக்கிறது. நுண்ணுயிரிகள் தின்றுவிட்ட சர்க்கரையை மாடு கழிவிலிருந்து மறுபடி கட்டி எழுப்புகிறது என்று சொல்லலாம். சுற்றுவழிதான், ஆனாலும் வேறு வழி அதற்கு இல்லை.

அமிலம் இவ்வளவு ஊறினாலும் ரூமன் புளித்துப்போகாமல் இருப்பதற்கு ஒரு காரணம், அமிலம் ஊறும் வேகத்திலேயே சுவர் அதை உறிஞ்சுவது. இன்னொன்று எச்சில். மாடு அசை போடப்போட நாளுக்கு நூறு லிட்டர் அளவுக்குச் சோடா உப்பு கலந்த எச்சில் இறங்கி அமிலத்தை முறிக்கும். பி.எச். அளவு 6-க்கும் 7-க்கும் நடுவில் நிற்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு வாளிச் சோறு விழுகிறது. வெந்து குழைந்த மாவுச்சத்தை உடைக்க ஒன்றிரண்டு நாள் தேவையில்லை. சில மணி நேரம் போதும். மெல்ல வேண்டியதும் இல்லை, ஆகவே அசையும் இல்லை, எச்சிலும் இல்லை. அதுவரை ஓரமாகக் கிடந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா அரை மணிக்குள் இரட்டிப்பாகிப் பெருகுகிறது. அதன் கழிவு லாக்டிக் அமிலம், இட்லி மாவு புளிக்கும்போது ஊறுகிற அதே அமிலம். மற்ற மூன்றைவிட இது பல மடங்கு கடுமையானது. பி.எச். 6-க்குக் கீழே இறங்கியதும் செல்லுலோஸ் அறுக்கும் பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்துகின்றன. 5-ஐ நெருங்கும்போது போவிஸே தாக்குப்பிடிக்காது. இன்னும் புளிப்பைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அடர்ந்த அமிலம் உடம்பிலுள்ள தண்ணீரை ரூமனுக்குள் இழுக்கிறது. அதனால்தான் வயிறு தளதளவென்று இருக்க, கண் மட்டும் குழிவிழுகிறது. இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கையை அழுத்தி வைத்தால், நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு முறை எழ வேண்டிய ரூமனின் அசைவு தெரியாது. சாணியில் புளித்த வாடை அடிக்கும். அமிலம் ரத்தத்தில் கலந்தால் மாடு தள்ளாடிப் படுத்துவிடும். ஒருவேளை பிழைத்தாலும், வெந்துபோன ரூமன் சுவர் வழியே கிருமிகள் புகுந்து கல்லீரலில் சீழ்க்கட்டி வைப்பதுண்டு. சில வாரம் கழித்துக் குளம்பு நோவெடுத்து நொண்டுவதும் உண்டு.

எத்தனை கிலோ சோறு ஆபத்து என்று ஒரே கணக்குச் சொல்ல முடியாது. தினமும் தானியத் தீவனம் தின்று பழகிய மாடு தாங்கும் அளவு, வைக்கோல் மட்டுமே கண்ட மாட்டைச் சாய்த்துவிடும். லாக்டிக் அமிலத்தைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிரிகளும் ரூமனில் உண்டு. ஆனால் அவை மெதுவாகத்தான் பெருகும். தீவனத்தை மாற்ற இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளச் சொல்வது இவை பெருகுவதற்காகத்தான்.

மருத்துவர் குழாய் விட்டு ரூமன் சாற்றை எடுத்துப் பார்ப்பார். நல்ல சாறு பச்சையும் பழுப்புமாக இருக்கும். இது பால் கலந்தாற்போல் சாம்பல் நிறத்தில் புளித்து நாறும். மெத்திலின் நீலம் என்ற சாயத்தைச் சிறிது விட்டால், உயிருள்ள சாறு சில நிமிஷத்தில் நீலத்தை வெளுக்கவைத்துவிடும். செத்த சாற்றில் நீலம் அப்படியே நிற்கும். அமிலத்தை முறிக்கச் சோடியம் பைகார்பனேட், இழந்த நீருக்கு நரம்பு வழியே திரவம், முற்றிய நிலையில் வயிற்றைத் திறந்து சோற்றை வெளியே எடுப்பது என்று சிகிச்சை போகும். அதன் பிறகு, நோயில்லாத இன்னொரு மாட்டின் ரூமனிலிருந்து சில லிட்டர் சாறு எடுத்து, வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் இந்த மாட்டுக்குக் குழாய் வழியே ஊற்றுவார்கள். புதிதாக வந்த கூட்டத்துக்கு உடனே வேலை வேண்டும். ஆகவே முதல் சில நாள் காய்ந்த புல்லும் வைக்கோலும் மட்டுமே. தவிட்டுத் தொட்டிக்கு மாடு மூக்கை நீட்டினாலும் கொடுப்பதில்லை.