ஆளுக்கொரு ஜாமம்

இரட்டைக் குழந்தைகளோடு தாய்வீட்டிலிருந்து திரும்பியதும் கணவனும் மனைவியும் செய்துகொள்ளும் முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் இதுதான்: ராத்திரிக்கு ஆளுக்கொரு பிள்ளை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஒரு வாரத்தில் சாயம் வெளுத்துவிடும். ஒரு பிள்ளை படுத்தால் விடியும்வரை ஒரு தடவை முனகும், அவ்வளவுதான். மற்றது இரண்டு மணிக்கொரு தரம் தெருவையே எழுப்பும். அந்தப் பிள்ளை யார் பங்கில் வந்ததோ அவர் நான்கே நாளில் நொந்து நூலாகிவிடுவார். சமர்த்துப் பிள்ளையை வைத்திருப்பவரும் அந்தச் சத்தத்தில் தூங்க முடியாது. கடைசியில் இரண்டு பேரும் விழித்திருப்பார்கள், ஒருவர் மேல் ஒருவர் கோபத்தோடு.

பங்கு போட வேண்டியது பிள்ளைகளை அல்ல, இரவை. முன்னிரவு முழுக்க இரண்டு குழந்தைகளுக்கும் ஒருவர் பொறுப்பு, பின்னிரவு முழுக்க மற்றவர். ஆனால் இது நடக்க வேண்டுமென்றால் பகலில் குழந்தைகளின் தூக்கம் ஓரளவாவது ஒன்றோடொன்று பொருந்தி வர வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரே வயிற்றில் ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள் ஏன் இப்படி எதிரும் புதிருமாக இருக்கிறார்கள்? 1956-இல் நியூயார்க்கில் அலெக்ஸாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி குழந்தைகளின் சுபாவத்தைப் பற்றி நீண்டகால ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். பிறவியிலேயே குழந்தைக்குக் குழந்தை வேறுபடுவதாக அவர்கள் பட்டியலிட்ட ஒன்பது குணங்களில் ஒன்று, பசியும் தூக்கமும் தினமும் ஒரே நேரத்துக்கு வருகிறதா என்பது. இன்னொன்று, எவ்வளவு சத்தமும் வெளிச்சமும் பட்டால் குழந்தை உசுப்பப்படுகிறது என்பது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் தூக்கத்தில் ஓரளவு ஒத்துப்போவார்கள். தனித்தனிக் கருவாக உருவானவர்கள் எந்த அண்ணன் தங்கையையும் போலத்தான். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இரட்டையரை வைத்து நடந்த ஆய்வு ஒன்றில் இரவுத் தூக்கத்தின் நீளத்தில் பெரும்பாலும் மரபணுவின் கை ஓங்கியிருந்தது. பகல் தூக்கத்தில் வீட்டுச் சூழலின் கை ஓங்கியிருந்தது. நாம் மாற்றிப் பார்க்க வேண்டிய இடம் எது என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டாம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பிறந்து ஆறரை மாதமான மூத்தவனும் சின்னவளும். 36 வாரத்திலேயே பிறந்துவிட்டதால், மருத்துவர் கணக்கில் அவர்களுக்கு வயது ஐந்தரை மாதம்தான். குறைமாதக் குழந்தைகளுக்கு எதிர்பார்த்த பிரசவ தேதியிலிருந்துதான் வளர்ச்சியைக் கணக்கிட வேண்டும், தூக்கமும் அதில் அடக்கம். அம்மாவுக்குச் சட்டப்படி கிடைக்கும் 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்துவிட்டது. அப்பா காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டியவர். பகலில் பாட்டி உதவிக்கு இருக்கிறார்.

முதல் வேலை, ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, இரண்டு நிற மையில் நான்கைந்து நாள் எழுதுவது: எப்போது தூங்கியது, எப்போது எழுந்தது, எப்போது பால் குடித்தது. இந்த வீட்டில் எழுதிப் பார்த்தபோது மூத்தவன் காலை 5:30-க்கே எழுந்துவிடுகிறான். பகலில் நாலு தடவை தூங்குகிறான், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடத்தைத் தாண்டுவதில்லை. சின்னவள் 7:30 வரை தூங்குகிறாள். பகலில் படுத்தால் இரண்டு மணி நேரம். மொத்தத் தூக்கத்தில் அவளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதல். அந்த வித்தியாசத்தை நேராக்க முயல வேண்டாம், அது அவரவர் உடம்பின் தேவை. சேர்த்துவைக்க வேண்டியது தூக்கம் தொடங்கும் நேரத்தை மட்டும்தான்.

அதற்கு முதல் ஆணி காலையில். 6:30 மணி என்று வைத்துக்கொள்வோம். மூத்தவன் 5:30-க்கு எழுந்தாலும் அறை இருட்டாகவே இருக்கட்டும், விளையாட்டுப் பேச்சு வேண்டாம், பால் கொடுத்தாலும் இரவுப் பால் போலவே கொடுக்க வேண்டும். 6:30-க்கு ஜன்னலைத் திறந்து சின்னவளையும் எழுப்பிவிட வேண்டும். "தூங்குற பிள்ளையை எழுப்பாதம்மா" என்று பாட்டி தடுப்பார். ஒற்றைப் பிள்ளைக்கு அவர் சொல்வது சரி. இரட்டையர் வீட்டில் அந்தப் பழக்கம் செல்லாது. காலை வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்துக்குச் சாவி. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது கொடுக்கப்படாவிட்டால் அன்றைய நாள் முழுக்க ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகவே ஓடும்.

இந்த வயதில் ஒரு குழந்தை சேர்ந்தாற்போல் இரண்டு, இரண்டரை மணி நேரம் விழித்திருக்கும். அதனால் முதல் பகல் தூக்கம் 8:30-க்கு. வீட்டில் பாட்டி ஒருவர்தான் இருக்கிறார் என்றால் சின்னவளை முதலில் படுக்கவைக்க வேண்டும். அவள் ஐந்து நிமிடத்தில் கண் அயர்ந்துவிடுவாள், பிறகு இரண்டு கையும் மூத்தவனுக்கு. அழுகிறவனை முதலில் தூக்கத்தான் மனசு பறக்கும். ஆனால் அவனுக்கு எப்படியும் இருபது நிமிடம் ஆகும். அதற்குள் சின்னவளுக்கும் தூக்கம் கலைந்துவிட்டால் இரண்டு அழுகை.

நாற்பது நிமிடத்தில் மூத்தவன் விழித்துக்கொள்வது அவன் குறும்பு அல்ல. கைக்குழந்தையின் ஒரு தூக்கச் சுற்றே ஏறக்குறைய அவ்வளவுதான். அடுத்த சுற்றுக்குத் தானாகத் தாவத் தெரியாத பிள்ளை அங்கே விழித்துவிடும். முனகியதும் ஓடாமல் இரண்டு நிமிடம் பார்த்து, பிறகு தூக்காமல் மார்பில் கைவைத்துத் தட்டிக்கொடுத்துப் பத்து நிமிடம் முயலலாம். வராவிட்டால் விட்டுவிட்டு எழுப்பிக்கொள்ள வேண்டியதுதான். மறுபக்கம், சின்னவளை 10 மணிக்கு எழுப்பிவிட வேண்டும். ஒருவனின் தூக்கத்தை நீட்டுவது நம் கையில் பாதிதான் இருக்கிறது. ஒருத்தியின் தூக்கத்தைக் குறைப்பது முழுக்க நம் கையில்.

நாளில் காப்பாற்றியே ஆக வேண்டிய தூக்கம் 12 மணிக்கு வருவது. அறையை இருட்டாக்கி, மின்விசிறியின் ஒரே சீரான இரைச்சலில், மூத்தவனுக்கு எவ்வளவு தட்டிக்கொடுக்க வேண்டுமோ அவ்வளவும் இங்கேதான் செலவழிக்க வேண்டும். இது ஒன்றரை மணி நேரம் நீண்டால் பார்த்துக்கொள்பவரும் கூடவே படுக்க முடியும். மாலை 4:15-க்கு ஒரு குட்டித் தூக்கம். 5 மணிக்கு மேல் யாரும் தூங்கக் கூடாது. இரவு மூத்தவன் 7:30-க்கும் சின்னவள் 8 மணிக்கும் படுக்கலாம். இந்த அரை மணி இடைவெளியை ஒழிக்க வேண்டியதில்லை. நாளில் ஒவ்வொரு குழந்தையும் தனியாக ஒருவர் மடியில் இருக்கும் நேரம் அதுதான். டிவி சீரியல் நேரமும் அதுவே என்பது நம் வீடுகளின் தனிச் சங்கடம். சத்தத்தையாவது குறைக்கச் சொல்லலாம்.

இப்போது இரவு. அம்மா 8:30-க்குப் படுத்துவிட வேண்டும், முடிந்தால் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. 1:30 வரை அப்பா பொறுப்பு. மூத்தவன் 10:30-க்கு எழுந்தால், அம்மா பீய்ச்சி வைத்த பாலைக் கிண்ணத்து வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கி, பாலாடையிலோ சின்ன டம்ளரிலோ அப்பாவே புகட்டலாம். தாய்ப்பால் ஃபிரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். வெளியில் நான்கு மணி நேரம் என்பது 25 டிகிரிக்கு மேற்படாத அறைக்குச் சொன்ன கணக்கு. நம் ஊர் வெக்கைக்கு அது பொருந்தாது, பீய்ச்சியதும் உள்ளே வைப்பதே நல்லது. 1:30-க்கு முறை மாறும். அம்மா பால் கொடுக்கிறார், அப்பா 6:30 வரை அசையாமல் தூங்குகிறார். இருவருக்கும் தொடர்ந்து ஐந்து மணி நேரம். துண்டு துண்டாகக் கிடைக்கும் ஏழு மணி நேரத்தைவிட இந்த ஐந்து மேல். ஆனால் பிரசவமான முதல் சில வாரங்களில் இது செல்லாது. பால் சுரப்பு நிலைப்படும்வரை இரவிலும் அடிக்கடி கொடுக்கவோ பீய்ச்சவோ வேண்டும், அப்போது மூன்று மணி நேர முறையே போதும்.

இரவில் ஒன்று பசித்து எழுந்தால் அரை மணிக்குள் மற்றதையும் விளக்குப் போடாமல் பாதித் தூக்கத்திலேயே குடிக்கவைப்பது சின்ன வயதில் பெரிய உதவி. இல்லாவிட்டால் முதலாவதைப் படுக்கவைக்கும்போது இரண்டாவது தொடங்கும். எப்போது நிறுத்துவது? சின்னவள் சில இரவுகளாக நாலு வாய் குடித்துவிட்டு முகம் திருப்பினால், அவளுக்கு அந்தப் பால் வேண்டாம் என்று அர்த்தம். எடை சரியாக ஏறுகிறது என்று குழந்தை மருத்துவர் சொன்ன பிறகு அவளை எழுப்புவதை விட்டுவிடலாம். அவனுக்காக அவளை எழுப்பிக்கொண்டே இருந்தால் நன்றாகத் தூங்கத் தெரிந்த பிள்ளையும் கெட்டுப்போகும்.

தூளியைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் முடியாது. ஆட்டினால்தான் தூங்குவேன் என்று பழகிய மூத்தவன், ஆட்டம் நின்ற ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஆட்டச் சொல்வான். முன்னிரவுப் பொறுப்பாளர் கயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதைவிட முக்கியம், துணி குழிந்து தாடை மார்பில் அழுந்தினால் மூச்சுக்கு இடைஞ்சல். இரண்டு பேரையும் ஒரே தூளியிலோ ஒரே தொட்டிலிலோ போடவே கூடாது. பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனித்தனிப் படுக்கையில், கெட்டியான சமமான மெத்தையில், மல்லாக்க. கடுகுத் தலையணையும் வேண்டாம். பால் கொடுத்தபடி சோபாவில் சேர்ந்து தூங்கிப்போவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. பெற்றோரின் தூக்கம் குழந்தைகளின் பாதுகாப்பும் ஆவது இந்த இடத்தில்தான்.

இந்த ஏற்பாடு எட்டு, ஒன்பது மாதத்தில் ஒருமுறை கலையும். மாலைக் குட்டித் தூக்கத்தைச் சின்னவள் ஒரு வாரமாக மறுக்கிறாள், கட்டாயப்படுத்திப் படுக்கவைத்தால் இரவு ஒன்பதரை வரை கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள் என்றால் அவளுக்கு இரண்டு பகல் தூக்கம் போதும். மூத்தவனுக்கு இன்னும் சில வாரம் மூன்று தேவைப்படலாம். இருக்கட்டும், காலை 6:30-உம் நண்பகலும் மட்டும் சேர்ந்திருந்தால் போதும். பல் முளைப்பதும் காய்ச்சலும் எல்லாவற்றையும் குலைக்கும். அந்த நாட்களில் அட்டவணையை மறந்துவிட்டு, உடம்பு தேறியதும் காலை ஆணியிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

எந்த நிலையிலும் ஜாம மாற்றத்தை மட்டும் கைவிட வேண்டாம். தன் முறை முடிந்து படுத்தும், குழந்தைகள் தூங்கியும், அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீள்கிறது என்றால் அது களைப்பு அல்ல, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரிடம் போக வேண்டும். அதற்கு முன்பே யாரிடமாவது பேச வேண்டுமென்றால், மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.