கோரிக்கைக் கடிதம் வந்தால் முதலில் கணக்கு, பிறகு பேச்சு

தொழிற்சங்கத்திடமிருந்து சம்பளக் கோரிக்கைக் கடிதம் வந்ததும் நம்மவர்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "இதைக் கிளப்பிவிட்டது யார்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால் வியாபாரமும் கெடும், ஆட்களும் கெடுவார்கள். கேட்க வேண்டியவை வேறு இரண்டு கேள்விகள். கேட்கும் தொகையைக் கொடுத்தால் உண்மையில் எவ்வளவு செலவாகும்? அந்தத் தொகையை ஏன் கேட்கிறார்கள்?

சட்டம் சொல்வதை முதலில் பார்ப்போம். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, எந்த ஊழியர்களுக்காகப் பேச வருகிறதோ அவர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாதோரை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்துடன் பேச மறுப்பது முறையற்ற தொழில் நடவடிக்கையாகும். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை நிறுத்துவதும் அப்படியே. ஆகவே பேசுவதா இல்லையா என்று யோசிப்பதில் பயனில்லை. எப்படிப் பேசுவது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

எனது பலசரக்கு மொத்த வியாபாரத்தில் களஞ்சியம், லொறி, காரியாலயம் எல்லாம் சேர்த்து 40 பேர் வேலை செய்கிறார்கள். 2025ஆம் ஆண்டு இறுதியில் அவர்களது சங்கக் கிளையிடமிருந்து கடிதம் வந்தது. எல்லோருக்கும் அடிப்படைச் சம்பளத்தில் 6,000 ரூபாய் கூட்ட வேண்டும் என்பது கோரிக்கை. நாற்பது பேருக்கு 6,000 என்றால் மாதம் 240,000 ரூபாய். பெரும்பாலான முதலாளிமாரின் கணக்கு இந்த இடத்தில் நின்றுவிடும். ஆனால் கணக்கு இங்கே முடிவதில்லை.

அடிப்படைச் சம்பளம் கூடினால் அதன் மீது முதலாளி செலுத்தும் ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதமும் கூடும். அது 36,000 ரூபாய். அடுத்தது ஓவர்டைம். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் மாதச் சம்பளத்தை 240 ஆல் வகுத்து, வரும் தொகையை ஒன்றரையால் பெருக்கினால் ஒரு மணித்தியால ஓவர்டைம் கிடைக்கும். 6,000 ரூபாய் உயர்வு மணித்தியாலத்துக்கு 37 ரூபாய் 50 சதமாக வந்து சேர்கிறது. எங்களிடம் ஓர் ஆள் மாதத்துக்குச் சராசரி 40 மணித்தியாலம் ஓவர்டைம் செய்கிறார். ஆளுக்கு 1,500 ரூபாய், நாற்பது பேருக்கு 60,000 ரூபாய். ஆக 240,000 என்று மேசைக்கு வந்த கோரிக்கை, காசுப் பெட்டியிலிருந்து 336,000 ஆகப் போகிறது. கூட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எனக்கு ஒரு ரூபாய் 40 சதம் செலவு.

எல்லாவற்றையும் விட மறைந்து கிடப்பது பணிக்கொடை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் முடித்தவர் விலகும்போது ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதுவும் கடைசியாக எடுத்த சம்பளத்தின்படி. எங்களிடம் ஐந்து வருடம் கடந்த 30 பேரின் சேவையைக் கூட்டினால் 400 வருடம் வருகிறது. 6,000இல் பாதி 3,000. அதை 400ஆல் பெருக்கினால் 12 இலட்சம் ரூபாய். இன்று கையெழுத்திட்டால், பழைய வருடங்களுக்குமான அந்தக் கடன் அன்றே நம் தலையில் ஏறிவிடுகிறது.

இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதி, முதலாவது கூட்டத்திலேயே சங்கப் பிரதிநிதிகளிடம் கொடுத்தேன். சரிபிழை பார்த்துச் சொல்ல ஒரு வாரம் தவணையும் கொடுத்தேன். அவர்கள் ஓவர்டைம் மணித்தியாலங்களைத் தங்கள் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து, தொகை சரியென்று ஏற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு இரு தரப்பும் பேசியது ஒரே கணக்கை வைத்துத்தான். "முதலாளி பொய் சொல்கிறார்" என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று.

இரண்டாவது கூட்டத்தில், "ஏன் 6,000? ஏன் நாலாயிரமோ எட்டாயிரமோ இல்லை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு 18 வருடம் களஞ்சியத்தில் இருப்பவர் சொன்னார்:

"முதலாளி, நேத்து வந்த பொடியனுக்கும் எனக்கும் இனி மூவாயிரம்தான் வித்தியாசம். இத வீட்டுல எப்படிச் சொல்ற?"

விஷயம் அதில்தான் இருந்தது. தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரி முதல் 30,000 ஆக வேண்டியிருந்தது. 22,000இல் சேர்ந்த புதியவர் சட்டத்தால் 30,000க்கு ஏறுகிறார். 33,000 எடுத்த பழையவர் அதே இடத்தில் நிற்கிறார். பதினோராயிரமாக இருந்த வித்தியாசம் மூவாயிரமாகச் சுருங்கிவிட்டது. இதைக் கேட்காமல் 6,000ஐ 4,000 ஆகக் குறைக்கப் பேரம் பேசியிருந்தால், காசும் போயிருக்கும், மனக்குறையும் அப்படியே இருந்திருக்கும்.

நான்காவது கூட்டத்தில் மூன்று வருடத்துக்கு உடன்பாடு கண்டோம். முதல் வருடம் எல்லோருக்கும் 2,000 ரூபாய். இரண்டாம், மூன்றாம் வருடங்களில் 1,500 வீதம். இதற்கு மேலாக, ஐந்து வருடம் கடந்தவர்களுக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 100 ரூபாய் முதல் மாதத்திலிருந்தே அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தது. முதல் வருடம் சம்பளத்தில் கூடியது 120,000, அதாவது கேட்டதில் பாதி. நிதிகளும் ஓவர்டைமும் சேர்த்து எனக்கு 168,000. மூன்றாம் வருடத்தில் சம்பள உயர்வு அவர்கள் கேட்ட 240,000ஐத் தொடுகிறது. ஆனால் அதற்குள் விற்பனையைச் சரிசெய்ய எனக்கு இரண்டு வருடம் கிடைக்கிறது. அந்த 18 வருடக்காரருக்கு மூன்று வருடத்தில் 6,800 ரூபாய், அவர் கேட்டதை விட 800 அதிகம்.

சேமலாப நிதியைத் தவிர்க்க உயர்வை "படி" என்று கொடுக்கலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். எல்லோருக்கும் மாதந்தோறும் ஒரே தொகையாகக் கொடுக்கும் படியைத் தொழில் திணைக்களம் சம்பளமாகவே பார்க்க இடமுண்டு. நிலுவையோடு மேலதிகக் கட்டணமும் பிறகு வந்து சேரும். தோட்டத்துறையின் 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாளொன்றுக்கு 730 ரூபாய் என்று சொல்லப்பட்டது. அதில் அடிப்படை 500 மட்டுமே. மிகுதி வரவுக்கும் உற்பத்திக்கும் தேயிலை விலைக்குமான கொடுப்பனவுகள். முழுத்தொகை எல்லோர் கைக்கும் எல்லா நாளும் வரவில்லை. அந்தக் கசப்பு அடுத்த பேச்சுவார்த்தை வரை நீடித்தது.

ஒப்பந்தத்தில் ஒரு வாசகத்தை மறக்க வேண்டாம். இடையில் அரசாங்கம் குறைந்தபட்ச வேதனத்தைக் கூட்டினால் என்ன நடக்கும் என்பதை எழுதிவிட வேண்டும். அவ்வருட ஒப்பந்த உயர்வு, சட்ட உயர்வு ஆகிய இரண்டில் பெரியது கிடைக்கும், சேவைக்கான 100 ரூபாயில் யாரும் கைவைக்க முடியாது என்று நாங்கள் எழுதினோம். இது இல்லாவிட்டால் அடுத்த வரவு செலவுத் திட்டத்தோடு பழைய சண்டை திரும்பவும் வரும். கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தைத் தொழில் ஆணையாளர் நாயகத்துக்கு அனுப்பினால் அது வர்த்தமானியில் வெளியாகி இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

பேச்சு நடக்கும் வாரங்களில் இரண்டு விடயங்களைக் கடைப்பிடித்தேன். சம்பள விடயத்தைத் தனித்தனி ஆட்களிடம் பேசவில்லை. சங்கத்தைத் தாண்டி ஒருவருக்கு இரகசியமாக வாக்குக் கொடுத்தால் மறுநாள் மதியத்துக்குள் அது லொறிக்காரர் வரை போய்விடும், சங்கத் தலைவர்களும் தங்கள் ஆட்களிடம் முகம் காட்ட முடியாமல் கடும்போக்கு எடுப்பார்கள். மற்றது, வழமையான பெருநாள் முற்பணம், லீவு, மருத்துவ உதவி எதையும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் ஒப்பமிட்டோம்.

உறவு கெடுகிறதா என்பதை வேலைநிறுத்த அறிவித்தல் வரும்வரை காத்திருந்து அறிய வேண்டியதில்லை. வழமையாக ஓவர்டைமுக்கு நிற்பவர்கள் ஐந்து மணிக்கே கிளம்பினால், ஒரு மணித்தியாலத்தில் ஏற்றும் லொறிக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தால், அடுத்த கூட்டத்தை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படியும் முடியாவிட்டால் மாவட்டத் தொழில் காரியாலயத்தில் உதவித் தொழில் ஆணையாளர் முன்னிலையில் சமரசப் பேச்சு நடத்தலாம். அங்கே போவது தோல்வியல்ல. ஆனால் சரிபார்த்த கணக்குத் தாள் கையில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு வரும் முதலாவது சம்பளச் சீட்டை நீங்களே பாருங்கள். பொது உயர்வும் சேவைத் தொகையும் தனித்தனி வரியில், சொன்ன திகதியில், சொன்ன தொகையில் இருக்க வேண்டும். அந்தச் சீட்டில் நூறு ரூபாய் பிசகினாலும் நான்கு கூட்டத்தில் சேர்த்த நம்பிக்கை போய்விடும்.